டயாலிசிஸ் அன்று சாயங்காலம் 290: ஊசியை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது

கேள்வி: எங்க அப்பச்சிக்கு 66 வயது. தேவகோட்டையிலிருந்து வாரம் மூன்று நாள் காரைக்குடிக்குப் போய், காலை ஆறரை மணி ஷிப்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். காலையும் இரவும் 30/70 இன்சுலின். டயாலிசிஸ் அன்று சாயங்காலம் சுகர் 280, 290 என்று நிற்கிறது. கூடுதலாக ஊசி போட்டால் விடியற்காலம் வியர்த்துக் கொட்டுகிறது. வீட்டில் எந்தெந்த நேரம் பார்ப்பது?

பதில்: அந்த 290 பெரும்பாலும் உண்மையான அளவுதான். ஆனால் அது காலையில் மெஷினில் நடந்ததன் பின்விளைவு. காலையில் நடந்ததைப் பார்க்காமல் சாயங்கால எண்ணை மட்டும் பார்த்து ஊசி போடும்போதுதான் விடியற்காலம் வியர்க்கிறது.

டயாலிசிஸில் பில்டரின் ஒரு பக்கம் ரத்தமும் மறுபக்கம் டயாலிசிஸ் திரவமும் ஓடுகின்றன. திரவம் நிமிடத்துக்கு 500 மில்லி என்றால் நாலு மணி நேரத்தில் 120 லிட்டர். பல இடங்களில் அந்தத் திரவத்தில் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். அப்பச்சியின் சுகர் 220 ஆக இருந்தால் அது திரவத்துக்குள் இறங்கி, மெல்ல 100-ஐ நோக்கி வரும். திரவத்தில் குளுக்கோஸே இல்லையென்றால் இன்னும் கீழே போகும். மெஷின் பக்கத்தில் இருக்கும் கேன்களில் 'பார்ட் ஏ' என்று போட்டிருப்பதன் லேபிளில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற வரி இருக்கிறதா, கலந்த பிறகு லிட்டருக்கு எத்தனை கிராம் என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் என்றால் அதுதான் அந்த 100. ஒரே ஊரில் இரண்டு சென்டர்களில் இரண்டு விதமாக இருக்கலாம் என்பதால், சென்டர் மாறினால் மறுபடி கேட்க வேண்டும்.

சுகரோடு இன்சுலினும் குறைகிறது. அதில் ஒரு பகுதி பில்டரின் சவ்விலேயே ஒட்டிக்கொள்ளும். சுகர் இறங்குவதைக் கண்டு உடம்பு அதை ஏற்றும் ஹார்மோன்களைச் சுரக்கும். மெஷினை விட்டு எழுந்ததும் பசி வேறு. வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டு, அசதியில் படுத்துவிடுவார்கள். இவை எல்லாம் சேர்ந்துதான் மாலையில் 290 ஆகிறது. அப்போது நீங்கள் போடும் ஊசியை வெளியேற்ற வேலை செய்யும் கிட்னி இல்லை. மற்றவர்களுக்குச் சீக்கிரம் அடங்கும் மருந்து இவருக்கு வெகுநேரம் நிற்கும். இரவு ஊசியும் அதன்மேல் சேர்ந்தால் இரண்டு மணி, மூன்று மணிக்குச் சுகர் விழுகிறது.

ஆகவே ஒரு டயாலிசிஸ் நாளை முழுதாகப் பார்க்க வேண்டும். எழுந்ததும், ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் முன் ஒரு தடவை. சென்டரில் ஊசி குத்தி இணைப்பதற்குச் சற்று முன். ஓடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து. முடிந்ததும், நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே, வாயில் எதுவும் போடாமல். பிறகு மாலை ஐந்து மணிக்கு, படுக்கப் போகும்போது, விடியற்காலம் மூன்று மணிக்கு. ஸ்ட்ரிப் விற்கும் விலையில் இதைத் தினமும் செய்யச் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் மூன்று டயாலிசிஸ் நாட்கள் போதும். மூன்று மணிக் கணக்கை மட்டும் அந்த மூன்று இரவும் விடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க, டயாலிசிஸ் இல்லாத இரண்டு நாட்களில் எழுந்ததும், மாலை ஐந்துக்கும், மூன்று மணிக்கும் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஊசி யூனிட், சாப்பிட்டது, நேரம் மூன்றையும் எழுத வேண்டும். வெறும் எண்கள் வரிசையாக உள்ள நோட்டைப் பார்த்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் என்னிடம் வந்தார். உங்கள் அப்பச்சியைப் போலவே காலை ஷிப்ட், 30/70 ஊசி. காலை 16 யூனிட், இரவு 10. அவர் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: காலை ஐந்தேகாலுக்கு 168. ஐந்தரைக்கு 16 யூனிட்டும் இரண்டு இட்லியும். இணைக்கும்போது 152. இரண்டு மணி நேரத்தில் 84. முடிந்தபோது 76. மதியம் சோறும் குழம்பும், மேலே இரண்டு கந்தரப்பம். மாலை ஐந்துக்கு 291. மகன் பயந்துபோய் எட்டு யூனிட் போட்டார். படுக்கும்போது 158, இரவு 10 யூனிட்டும் போட்டாயிற்று. மூன்று மணிக்கு 61. டயாலிசிஸ் இல்லாத நாளில் அதே ஐந்து மணிக்கு 204, மூன்று மணிக்கு 121.

இதைப் படித்தால் குறை மாலையில் இல்லை என்பது தெரியும். காலை 16 யூனிட்டின் வேகமும் மெஷின் சுகரை இழுப்பதும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. டயாலிசிஸ் நாட்களில் மட்டும் காலை ஊசியை 12 ஆக, அதாவது கால் பங்கு, குறைத்தேன். மாலை எட்டு யூனிட்டை நிறுத்தினேன். ஓட ஆரம்பித்த முதல் மணி நேரத்துக்குள் இரண்டு இட்லி சாப்பிடச் சொன்னேன். அடுத்த வாரம் இடையில் 113, முடிவில் 108, மாலையில் 223, மூன்று மணிக்கு 127. மாலை 223-ஐப் பார்த்து மகனுக்குத் திருப்தி இல்லை, எனக்கு இருந்தது. டயாலிசிஸ் நோயாளிக்கு மாலை 223-ஐ விட விடியற்காலம் 61 பல மடங்கு ஆபத்து. இந்த 12 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு போய் அப்பச்சிக்குப் போடாதீர்கள். அவருடைய டோஸை அவருடைய நோட்டைப் பார்த்து அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மெஷினில் சாப்பிட்டால் சிலருக்குப் பிபி இறங்கும். அப்படிப்பட்டவர் என்றால் இட்லியை இணைப்பதற்கு முன்பே முடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். இணைக்கும்போது சுகர் 126-க்குக் கீழே இருந்தால் 20 முதல் 30 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர அளவில் இரண்டு மூன்று இட்லி அந்தக் கணக்குக்கு வரும்.

பிபி விழுந்தாலும் வியர்க்கும், சுகர் விழுந்தாலும் வியர்க்கும். சென்டரில் வியர்த்தால் சலைன் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடாமல், ஒரு ஸ்ட்ரிப்பும் பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இளநீர், ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம், பொட்டாசியம் ஏறிவிடும். நினைவு தவறிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்கு அழையுங்கள்.

குத்துவது பிஸ்டுலா இல்லாத கையில். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மேலே சொன்னவர் ஒரு நாள் வேனில் கிரீம் பிஸ்கட் தின்ற விரலைக் குத்தி 268 காட்டினார். கழுவிக் குத்தினால் 171. ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருந்தால் சில மீட்டர்கள் உண்மையைவிடக் கூட்டியும் காட்டும். எனவே மீட்டரில் 72 என்றாலும் வியர்வை, நடுக்கம் இருந்தால் குறைந்ததாகவே எடுத்துக்கொண்டு சர்க்கரை கொடுங்கள்.

மூன்று மாத சராசரி டெஸ்டில் 6.5 வந்ததென்று நிம்மதியாகிவிட வேண்டாம். ரத்தசோகையும் அதற்குப் போடும் ஊசியும் அந்த எண்ணைக் குறைத்துக் காட்டும்.

தொடர்ந்து இரண்டு தடவை 300-க்கு மேல் வந்தாலோ, தாகம் அடங்காமல் தண்ணீர் குடித்து அடுத்த டயாலிசிஸுக்குள் எடை வழக்கத்தைவிட ஏறினாலோ, அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வாந்தியோ, மூச்சுத் திணறலோ, மயக்கமோ சேர்ந்தால் போனில் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அதுவரை மாலைக் கூடுதல் ஊசியைச் சொந்த முடிவில் போட வேண்டாம்.