ஸ்கேன் செய்த விடைத்தாளிலிருந்து ஒவ்வொரு விடையையும் தனிப் படமாக வெட்டுவது

கேள்வி: எங்கள் பயிற்சி மையத் தேர்வுத் தாள்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு விடையையும் தனிப் படமாக வெட்டி ஆசிரியர்களிடம் பிரித்துக் கொடுக்கப் பார்க்கிறோம். ஒரு தாளில் சரியாக வெட்டும் அளவு அடுத்த தாளில் எழுத்தையே அறுத்து விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

கும்பகோணத்துக்கு அருகே பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். 42 மாணவர்கள், ஆளுக்கு 4 பக்கம், பக்கத்துக்கு இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்கள் என்று ஒரு தேர்வுக்கு 336 விடைப் படங்கள் எங்களுக்குக் கிடைக்கின்றன. ஒரே ஆசிரியர் ஒரே வினாவை 42 பேருக்கும் தொடர்ச்சியாகத் திருத்தும்போது, எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பதில் முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் வேறுபாடு வராது என்பதற்காகவே இதைச் செய்கிறோம்.

நீங்கள் சொல்லும் சிக்கலுக்குக் காரணம், ஸ்கேனர் ஒவ்வொரு தாளையும் சற்றே வேறு இடத்தில், சற்றே வேறு சாய்வில் இழுப்பதுதான். 200 டிபிஐ அளவில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 8 படப்புள்ளிகள் வரும். தாள் முக்கால் பாகைக்கும் குறைவாகச் சாய்ந்தாலே, பக்கத்தின் உச்சிக்கும் அடிக்கும் இடையே 25 புள்ளிகள், அதாவது 3 மில்லிமீட்டர் விலகல் ஏற்பட்டு விடுகிறது. கையெழுத்து எங்கே முடிகிறது என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் நிரல் எழுத நானும் முதலில் முயன்றேன். இரண்டு வினாக்களுக்கு நடுவே ஒரு வரி கூட விடாமல் எழுதும் மாணவர் ஒருவர் இருந்தாலே அது தோற்று விடுகிறது. விடை எங்கே இருக்கிறது என்பதைத் தாளே சொல்லும்படி அச்சிட்டுக் கொடுப்பதே நிலையான வழி என்பது என் முடிவு.

ஏ4 தாளின் நான்கு மூலைகளிலும் 6 மில்லிமீட்டர் அளவுள்ள கறுப்புச் சதுரங்களை அச்சிடுங்கள். ஒவ்வொரு விடைக்கும் ஒரு கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே 8 மில்லிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். அந்த வெற்றிடத்தின் பயனைப் பின்னால் சொல்கிறேன். ஸ்கேன் ஆன படத்தின் நகல் ஒன்றை, கறுப்புப் பகுதி வெள்ளையாகும்படி இருநிறமாக்கி, அதன் ஒவ்வொரு மூலையிலும் தனித்தனியாக, பைதான் மொழிக்கான ஓப்பன்சிவி நிரலகத்தின் `cv2.findContours` கொண்டு தேடி, ஏறத்தாழ 47 புள்ளி அகலமும் உயரமும் கொண்ட வடிவத்தை மட்டும் ஏற்று, அதன் மையத்தைக் குறித்துக் கொள்ள வேண்டும். அந்த நான்கு மையங்களையும் அச்சுத் தாளில் அவை இருக்க வேண்டிய இடத்துக்கு இழுத்து விட்டால், எல்லாத் தாள்களும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தி விடும். அதன் பிறகு ஒரே அளவைக் கொண்டு அனைத்தையும் வெட்டலாம். 17ஆம் எண் மாணவியின் இரண்டாம் பக்கத்துக்கு நான் செய்தது இது:

```python
import cv2, numpy as np
page = cv2.imread("017_p2.png", cv2.IMREAD_GRAYSCALE)
src = np.float32([[96,101],[1550,118],[1525,2257],[71,2240]])
dst = np.float32([[100,100],[1554,100],[1554,2239],[100,2239]])
M = cv2.getPerspectiveTransform(src, dst)
flat = cv2.warpPerspective(page, M, (1654,2339), borderValue=255)
q3 = flat[330-40:1180+40, 80:1574]
ink = (flat[1188:1235, 120:1534] < 150).sum()
cv2.imwrite("017_p2_q03.png", q3)
```

வெட்டும் வரியில் முதலில் வருவது மேல்-கீழ் அளவு, இரண்டாவதாக வருவதே இட-வல அளவு. இதை மாற்றி எழுதி அரைநாள் தவித்தவர்களை எனக்குத் தெரியும். படத்தைச் சாம்பல் நிறத்திலேயே வைத்திருங்கள். கோப்பு சிறியதாகும் என்று முழுக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், பென்சிலால் வரைந்த வடிவியல் படத்தின் மெல்லிய வட்டவில்கள் காணாமல் போய்விடும், மதிப்பெண் போடுபவருக்கு அவை வரையப்படவே இல்லை என்றுதான் தோன்றும்.

கட்டத்தின் கோட்டிலேயே வெட்டாமல் 40 புள்ளி, அதாவது 5 மில்லிமீட்டர் தள்ளி வெட்டியிருப்பதைக் கவனியுங்கள். முதல் தேர்வில் நான் கோட்டோடு வெட்டினேன். ஒரு மாணவி இருபடிச் சமன்பாட்டுக் கணக்கின் கடைசி வரியை, இடம் போதாமல், கட்டத்துக்குக் கீழே எழுதியிருந்தாள். படத்தில் அந்த வரி இல்லை. வேகத்தின் இரண்டு மதிப்புகளில் எதிர்மறையானதை ஏன் விடுகிறோம் என்று சொல்லி விடையை எழுதிய வரி அது. திருத்தியவர் ஐந்துக்கு மூன்று போட்டார். "சார், நான் எழுதியிருக்கேனே" என்று அவள் தாளோடு வந்து நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளுக்குரிய இரண்டு மதிப்பெண்ணை என் வெட்டு பறித்திருந்தது. கேட்கத் தயங்கும் பிள்ளையாக இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

மேலே உள்ள நிரலில் `ink` என்ற வரி அதற்காகச் சேர்த்தது. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விட்ட வெற்றிடத்தில் எவ்வளவு மை இருக்கிறது என்று அது எண்ணுகிறது. எங்கள் ஸ்கேனரில் வெறும் தாளுக்கு அந்த எண் 20ஐத் தாண்டுவதில்லை என்பதால், 60க்கு மேல் வந்த விடைகளை நிரல் தனியே எடுத்து வைக்கிறது. அவற்றை ஒருவர் முழுப் பக்கத்தோடு பார்க்கிறார். கடந்த தேர்வில் 336இல் 11 விடைகள் அப்படி ஒதுங்கின. அவற்றில் 8, கடைசி வரி எழுத்துகளின் கால்கள் கீழே இறங்கியவை மட்டுமே. மீதி 3 விடைகள் உண்மையிலேயே வெளியே தொடர்ந்திருந்தன. விடை வேறு இடத்தில் தொடர்ந்தால் அந்தத் துண்டையும் அதே அகலத்தில் வெட்டி `cv2.vconcat` மூலம் கீழே ஒட்டி, ஒரே படமாகத் திருத்துபவரிடம் தருகிறோம். உங்கள் ஸ்கேனருக்குரிய எண்ணை, எழுதாத தாள்கள் சிலவற்றை ஓட்டிப் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

கோணல் வெட்டைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: ஒருவரின் விடை இன்னொருவர் பெயரில் சேர்வது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் தாள் ஈரம் வாங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். ஸ்கேனர் இரண்டு தாள்களைச் சேர்த்து இழுத்து விட்டால், இருபுறமும் எடுக்கும்போது நடுவில் இரண்டு பக்கங்கள் விடுபடும். வரிசையை நம்பிக் கோப்புக்கு எண் கொடுத்திருந்தால், அதற்குப் பின் வரும் எல்லா மாணவர்களின் விடைகளும் இடம் மாறி விடும். படங்கள் ஒவ்வொன்றும் தெளிவாக இருப்பதால் பார்வைக்கு எந்தத் தவறும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் மேல் வலது மூலைக்குச் சற்று உள்ளே, வரிசை எண்ணும் பக்க எண்ணும் அடங்கிய கியூஆர் குறியை அச்சிடுகிறோம். `cv2.QRCodeDetector` படித்துச் சொல்லும் எண்ணே கோப்பின் பெயராகிறது. குறி கீழ் இடது பக்கம் கிடைத்தால் தாள் தலைகீழாகப் போயிருக்கிறது என்று அறிந்து, முதலில் திருப்பிக் கொள்கிறோம். வெட்டுவதற்கு முன் 168 பக்கங்களும் வந்துவிட்டனவா, எந்த எண் இல்லை என்று ஒரு பட்டியல் எடுக்கிறோம். மழைக் காலத்தில் தாள்களை விசிறி போல் விரித்து உதறிவிட்டு, இருபது இருபதாகத்தான் ஸ்கேனரில் வைக்கிறோம்.

இந்த முறை சமதளமாக ஸ்கேன் ஆன தாளுக்கு மட்டுமே பொருந்தும். கைப்பேசியில் எடுத்த படத்தில் தாள் நடுவே மேடிட்டிருந்தால், நான்கு மூலைகளும் சரியாகப் பொருந்திய பிறகும் நடுக் கட்டங்கள் விலகியே நிற்கும். மூலை மடிந்தோ, நூல் கோத்த துளை சதுரத்தைக் கிழித்தோ மூன்று சதுரங்கள்தான் கிடைத்தால், நான்காவதை ஊகிக்க நிரலை விடாதீர்கள். அந்தப் பக்கத்தை நிறுத்தி வைத்து, நான்கு புள்ளிகளையும் கையால் சுட்டிக் கொடுங்கள். எங்களுக்கு ஒரு தேர்வில் இரண்டு மூன்று பக்கங்கள் அப்படி வருகின்றன, பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.