சம்பளத்தைப் பார்க்காதீர்கள், நோட்டீஸ் பீரியடைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,
ஏழு வருடம் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். மூன்று மாதம் முன்பு ஆட்குறைப்பில் வேலை போனது. கையில் 1,80,000 ரூபாய் இருக்கிறது, ஈஎம்ஐயோடு மாதச் செலவு 45,000. இப்போது ஒரு கால் சென்டரில் இரவு ஷிஃப்ட், 28,000 சம்பளம், அடுத்த வாரமே சேரச் சொல்கிறார்கள். இரண்டு கம்பெனிகளில் டெஸ்டிங் வேலைக்கு இரண்டாவது ரவுண்ட் முடிந்து பதிலே இல்லை. சேரவா, காத்திருக்கவா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நான்கு மாதம் தாங்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் இன்றைக்கே ஒரு கம்பெனி சரி என்றாலும் ஆஃபர் லெட்டர், சரிபார்ப்பு, சேரும் தேதி, அப்புறம் மாதக் கடைசியில் முதல் சம்பளம் என்று இரண்டு மாதம் சுலபமாக ஓடிவிடும், ஆகவே நிஜமாகத் தேடுவதற்கு உங்களிடம் இருப்பது இரண்டு மாதம்தான். 28,000 வந்தால் மாதம் 17,000தான் துண்டு விழும், அதே பணம் பத்து மாதம் தாங்கும். காசுக் கணக்கில் மட்டும் பார்த்தால் சேர்ந்துவிடலாம்.

சிக்கல் நோட்டீஸ் பீரியடில் இருக்கிறது. ஆஃபர் லெட்டரில் இரண்டு இடத்தைத் தேடிப் படியுங்கள்: புரொபேஷனில் எத்தனை நாள், கன்ஃபர்ம் ஆன பிறகு எத்தனை நாள். புரொபேஷனில் 15 அல்லது 30 நாள் என்றால் தைரியமாகச் சேருங்கள். முதல் நாளிலிருந்தே 90 நாள் என்றோ, ஒரு வருட பாண்ட் என்றோ இருந்தால் வேண்டாம், ஏனென்றால் உடனே சேர முடியும் என்பதுதான் இன்று உங்களுக்கு இருக்கும் பெரிய பலம், அந்த 28,000க்காக அதைக் கொடுத்துவிடக் கூடாது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த வேலையை ரெஸ்யூமில் மறைக்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். செய்யாதீர்கள். பிஎஃப் பிடித்தால் சேர்ந்த தேதி உங்கள் யுஏஎன்னில் ஏறிவிடும், அடுத்த கம்பெனி சரிபார்க்கும்போது தெரிந்துவிடும். வீட்டுச் செலவுக்காகச் செய்தேன் என்று ஒரு வரியில் சொன்னால் பெரும்பாலும் யாரும் அதைப் பெரிதுபடுத்த மாட்டார்கள், மறைத்து மாட்டினால்தான் ஆஃபரே போகும். விலகும்போது ரிலீவிங் லெட்டரையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இரவு ஷிஃப்ட் எனக்குக் கவலையாக இருக்கிறது. விடிய விடிய பேசிவிட்டு, காலை பதினொரு மணி இன்டர்வியூவில் ஆட்டோமேஷன் கேள்விக்குத் தடுமாறினால் இந்த வேலை எடுத்ததன் பயனே இல்லை. பகல் அல்லது மதிய ஷிஃப்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் வார விடுமுறைக்கு மறுநாளாகப் பார்த்து இன்டர்வியூ கேளுங்கள், முதல் நாள் இரவு தூங்கியிருப்பீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டு கம்பெனி எச்ஆருக்கும் இன்றே போன் செய்து, வேறு ஆஃபர் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், உங்கள் முடிவு எப்போது தெரியும் என்று நேராகக் கேளுங்கள். தேதி சொன்னால் அதுவரை கால் சென்டரில் அவகாசம் கேட்கலாம். மழுப்பினால் சேர்ந்துவிடுங்கள்.