25 லிட்டர் கெய்சரை வைத்து பாத்டப்பை விளாவுவது

"எங்க வீட்டு பாத்டப்ல கோடு வரைக்கும் 120 லிட்டர் பிடிக்குது. கெய்சர் 25 லிட்டர்தான். 39 டிகிரிக்கு நிரப்ப எவ்வளவு வெந்நீர், எவ்வளவு பச்சைத் தண்ணீர் விடணும்?"

அம்மாவின் மூட்டுவலிக்காகக் குளிர்காலம் முழுக்க நான் செய்கிற வேலை இது. அதனால் எங்கள் வீட்டு எண்களையே வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கெய்சர் விளக்கு அணையும்போது வெந்நீர் 60 டிகிரி. மார்கழியில் காலை நேரத்துப் பச்சைத் தண்ணீர் 24. வேண்டியது 39. வெந்நீர் 21 டிகிரி இறங்க வேண்டும், பச்சைத் தண்ணீர் 15 டிகிரி ஏற வேண்டும். இந்த இரண்டு எண்களையும் குறுக்காக மாற்றிப் போட்டால் அதுதான் விகிதம்: வெந்நீர் 15 பங்கு, பச்சைத் தண்ணீர் 21 பங்கு. சுருக்கினால் 5-க்கு 7. ஆக 120 லிட்டருக்கு 50 லிட்டர் வெந்நீர், 70 லிட்டர் பச்சைத் தண்ணீர்.

கணக்கு சரிதான், ஆனால் 50 லிட்டர் வெந்நீருக்கு எங்கே போவது? 25 லிட்டர் கெய்சரில் நல்ல சூட்டோடு வருவது முதல் 20 லிட்டர் மட்டுமே. நாம் மேலே எடுக்க எடுக்கக் கீழே பச்சைத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், அதற்கப்புறம் குழாயில் வருவது ஆறிய தண்ணீர். முதல் நாள் இது தெரியாமல் குழாயைத் திறந்தே விட்டிருந்தேன். டப் நிறைந்தபோது தண்ணீர் 31 டிகிரிதான், அம்மா இரண்டே நிமிடத்தில் நடுங்கி எழுந்துவிட்டார்.

பிறகுதான் யோசித்தேன்: நிரப்ப வேண்டியது 120 லிட்டரே இல்லை. ஆள் உட்கார்ந்தால் மட்டம் ஏறும். அம்மாவுக்கு 55 கிலோ எடை. தலையும் தோளும் வெளியே இருக்கச் சாய்ந்து உட்காரும்போது ஏறக்குறைய 45 லிட்டர் இடத்தை அவர் உடம்பே எடுத்துக்கொள்கிறது. ஆக 75 லிட்டர் விட்டாலே கோடு வரை வந்துவிடுகிறது. அவரவர் எடைக்கு இது மாறும். ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, எழுந்த பின் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள்.

டப்புக்கும் ஒரு பங்கு சூடு போகும். எங்களுடையது அக்ரிலிக். அது குடிக்கிற சூட்டை 8 லிட்டர் பச்சைத் தண்ணீருக்குச் சமமாக வைத்துக்கொள்கிறேன். வார்ப்பிரும்பு டப்பாக இருந்தால் இது இரண்டு மடங்காவது இருக்கும். ஆக 75-உம் 8-உம் சேர்த்து 83 லிட்டரை 15 டிகிரி ஏற்ற வேண்டும்: 83 × 15 = 1245. வெந்நீரின் ஒவ்வொரு லிட்டரும் 36 டிகிரி சூட்டைக் கொண்டுவருகிறது (60-இல் 24 போக). 1245-ஐ 36-ஆல் வகுத்தால் 35 லிட்டர். மீதி 40 லிட்டர் பச்சைத் தண்ணீர்.

இந்த 35 லிட்டரை இரண்டு தவணையாக எடுக்கலாம். முதலில் 40 லிட்டர் பச்சைத் தண்ணீர், இரண்டு 20 லிட்டர் வாளி. அதன்மேல் கெய்சரின் முதல் 20 லிட்டர். டப் இப்போது 34, 35 டிகிரியில் நிற்கும். 2 கிலோவாட் கெய்சர் மறுபடி 60-க்கு வர 25 நிமிடம் ஆகும், விளக்கு அணையும்வரை பொறுங்கள். இந்த இடைவெளியில் ஆறிவிடாதா என்றால், கதவைச் சாத்தி வைத்தால் அதிகம் ஆறாது. 35 டிகிரித் தண்ணீருக்கும் அறைக்கும் வித்தியாசம் குறைவு. வெறும் வெந்நீராகக் காத்திருக்க வைத்தால்தான் சூடு வேகமாகப் போகும். அதனால் விளாவிவிட்டே காத்திருங்கள். பிறகு 15 லிட்டர் வெந்நீரை விட்டால் 39-ஐத் தொடும்.

வெந்நீர் மேலேயே மிதக்கும். கையால் மேல்பக்கம் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினால் இடுப்புக்குக் கீழே சில்லென்று இருக்கும். அடியிலிருந்து மேலே நன்றாகக் கலக்கிவிட்டு, தெர்மாமீட்டரை நடு ஆழத்தில் பிடித்துப் பாருங்கள். 37 காட்டினால் இன்னும் 8 லிட்டர் வெந்நீர் வேண்டும். கெய்சரில் நல்ல சூட்டோடு மிச்சமிருப்பது 5 லிட்டர்தான், அதனால் விளக்கு மறுபடி அணையும்வரை பொறுத்து எடுங்கள். 41 காட்டினால் 11 லிட்டர் பச்சைத் தண்ணீர்.

எப்போதும் பச்சைத் தண்ணீர்தான் முதலில். 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். வயதானவர்களோ குழந்தைகளோ உள்ள வீட்டில் அது தனியாக டப்பில் ஒரு நிமிடம்கூட இருக்கக்கூடாது. ஆள் உள்ளே இருக்கும்போது சூடு சேர்க்க வேண்டி வந்தால், குழாயைத் திறக்காமல் வாளியில் 45-க்கு விளாவி, கால்பக்கம் மெல்ல ஊற்றிக் கலக்கிவிடுகிறேன்.