வெயிலிலும் தெரியும், பின்னேரம் வரை பற்றரியும் நிற்கும்: மணிக்கூட்டுக்கு எந்த நிறம்?

கேள்வி: ஸ்மார்ட் வாட்சில் Always-on display போட்டு வைத்திருக்கிறேன். முகப்பில் நல்லூர்க் கோபுரப் படம், அதன்மேல் நீல நிறத்தில் நேரம். மோட்டார் சைக்கிளில் போகும்போது மத்தியான வெயிலில் ஒன்றும் தெரிவதில்லை. பின்னேரம் ஆறு மணிக்குள் பற்றரியும் பாதிக்குக் கீழே போய்விடுகிறது. எந்த நிறம் வைத்தால் இரண்டும் சரிவரும்?

பதில்:

பச்சை. பின்னணி முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். கோபுரத்தைக் கைத்தொலைபேசிக்கு மாற்றிவிடுங்கள். அங்கே அது அழகாகவே இருக்கும்.

நான் நில அளவை வேலை செய்கிறவன். தென்மராட்சிப் பக்கம் வெளிக்காணிகளில் நிற்கும்போது ஒரு கையில் கருவி, மறுகையில் குறிப்புப் புத்தகம். மணிக்கூட்டைத் தட்டி எழுப்பக் கை மிஞ்சாது. அதனால் எப்போதும் எரியும் திரையை விடவும் முடியவில்லை, அது குடிக்கும் பற்றரியைத் தாங்கவும் முடியவில்லை. என் முகப்பும் ஒரு காலத்தில் உங்களுடையதைப் போலத்தான் இருந்தது, நீலம் உட்பட.

எதையும் மாற்றுமுன் உங்கள் திரை எந்த வகை என்று பாருங்கள். இரவில் அறை விளக்கை அணைத்து, கறுப்புப் பின்னணியுள்ள ஒரு முகப்பை முழு வெளிச்சத்தில் வையுங்கள். கறுப்புப் பகுதி இருட்டோடு கலந்துபோனால் அது அமோலெட். மங்கிய சாம்பல் ஒளி கசிந்தால் எல்.சி.டி. எல்.சி.டி. திரையில் பின்னால் ஒரே விளக்கு எரிகிறது. எழுத்து எந்த நிறமானாலும் அந்த விளக்கு குடிப்பதுதான் கணக்கு, நிறத்தை மாற்றிப் பற்றரி மிச்சமாகாது. இனி எழுதுவது அமோலெட் வைத்திருப்பவர்களுக்கு.

அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனியாக எரிகிறது. கறுப்பென்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது, செலவு இல்லை. வெள்ளையென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நுண்விளக்குகளும் எரிகின்றன. ஆனால் மனிதக் கண் இந்த மூன்றையும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. வெள்ளையின் பிரகாசத்தை 100 பங்கென்று வைத்தால், அதில் ஏறத்தாழ 72 பங்கு பச்சையிலிருந்து வருகிறது, 21 சிவப்பிலிருந்து, வெறும் 7 நீலத்திலிருந்து. அதாவது பச்சை நுண்விளக்கை மட்டும் எரித்தாலே வெள்ளையில் முக்கால்வாசிக்குக் கிட்டிய பிரகாசம் கிடைத்துவிடுகிறது. நீலம் அதற்கு நேர்மாறு: மின்சாரத்தைக் குடித்துவிட்டுக் கண்ணுக்குக் கொஞ்சமே தரும். இணையப் பக்கங்களில் எழுத்துத் தெளிவை அளக்கப் பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், கறுப்பின்மேல் வெள்ளைக்கு 21, பச்சைக்கு 15.3, சிவப்புக்கு 5.25, நீலத்துக்கு 2.44 வருகிறது. உங்கள் நேரம் வெயிலில் ஏன் காணாமல் போகிறது என்பதற்கு அந்தக் கடைசி எண் போதும். சிவப்பு முகப்பு இரவில் கண்ணைக் கூசாது என்பது உண்மை, ஆனால் பகல் வேலைக்கு ஆகாது.

நிறம் பாதி வேலைதான். மீதி, எத்தனை புள்ளிகள் எரிகின்றன என்பதில் இருக்கிறது. 454 புள்ளி விட்டமுள்ள வட்டத் திரையில் ஏறத்தாழ 1,62,000 புள்ளிகள். கூகுளின் மணிக்கூட்டு இயங்குதளமான வேர் ஓ.எஸ். விதிப்படி, எப்போதும் எரியும் நிலையில் புள்ளிகளில் 15 சதவீதத்துக்கு மேல் ஒளிரக் கூடாது. அதாவது சுமார் 24,000 புள்ளிகள். இப்போது 80 புள்ளி அகலம், 140 புள்ளி உயரத்தில் ஓர் 8 வரையுங்கள். கோட்டின் தடிப்பு 14 புள்ளி என்றால் அந்த ஓர் எட்டு மட்டும் 6,100 புள்ளிகளைப் பிடிக்கிறது. நான்கு இலக்கமும் எட்டாக இருப்பதாகக் கொண்டால் (அப்படியொரு நேரம் இல்லை, கணக்குக்காகத்தான்) எல்லையைத் தொட்டுவிடுகிறோம். தடிப்பை மட்டும் 8 ஆகக் குறைத்தால் நான்கும் சேர்ந்து 15,100, அதாவது 9 சதவீதம் அளவில் நிற்கும். உயரத்தில் கை வைக்காதீர்கள். ஓடும் வண்டியில் எண்ணை அடையாளம் காட்டுவது உயரம்தான். தடிப்பை நாலு, ஐந்து என்று ஒட்ட இளைத்துவிடவும் வேண்டாம். மயிர்போன்ற கோடு வெயிலில் கரைந்துவிடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விழித்திருக்கும் முகப்பின் நிறத்தை மாற்றினால், எப்போதும் எரியும் அந்த மங்கிய நிலையின் நிறமும் மாறும் என்று இல்லை. முகப்பைச் செய்தவர் மங்கிய நிலைக்கு வேறொரு வரைபடம் கொடுத்திருக்கலாம். உள்ளங்கையால் திரையை மூடிச் சில விநாடி வைத்திருந்துவிட்டு மெதுவாகக் கையை எடுங்கள். பல மணிக்கூடுகளில் அப்போது மங்கிய நிலை வெளிப்படும். அங்கே இன்னும் கோபுரத்தின் நிழலோ நீல எண்களோ தெரிந்தால், முகப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, மங்கிய நிலைக்குத் தனியான நிறத் தெரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அந்த முகப்பையே விட்டுவிடுவது நல்லது. விநாடி முள், இதயத் துடிப்பு, வானிலை எல்லாவற்றையும் மங்கிய நிலையில் நீக்கிவிடுங்கள். மணி, நிமிடம் மட்டும் இருந்தால் திரை நிமிடத்துக்கு ஒரு தடவை மாறினால் போதும். உள்ளே இருக்கும் செயலி மீதி நேரம் தூங்கும்.

என் மணிக்கூட்டில் கண்டதைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு 100 சதவீதம். பழைய முகப்போடு மாலை ஆறுக்கு 41 நின்றது. பச்சை எண்கள் மட்டுமுள்ள முகப்போடு 63. எப்போதும் எரியும் திரையை முழுதாக நிறுத்திய நாளில் 74. ஒரே மாதிரி வேலை நாட்களில் மும்மூன்று தடவை பார்த்து எடுத்த சராசரி இது. மிச்சம் பிடித்தது நிறைய, ஆனால் எரியும் திரைக்கு ஒரு விலை இன்னும் இருக்கிறது. எந்த நிறமும் அதைப் பூச்சியமாக்காது.

வெயில் விஷயத்திலும் ஓர் எல்லை உண்டு. உச்சி வெயில் நேராகக் கண்ணாடியில் விழும்போது தெறிக்கும் ஒளி எழுத்தோடும் கறுப்போடும் சமமாகக் கூடுகிறது. கறுப்பு கறுப்பாக இராது. மங்கிய நிலையின் வெளிச்சம் அதற்கு ஈடு கொடுக்காது. அப்போது மணிக்கட்டைச் சற்று உங்கள் பக்கம் திருப்புங்கள்: உடம்பின் நிழல் திரையில் விழும், கை அசைவில் முழு வெளிச்சமும் எழும்பும். பச்சை எழுத்து உதவுவது மரநிழலிலும், மழைமூட்டத்திலும், பஸ்ஸுக்குள்ளும், பின்னேர வெயிலிலும்.

ஒரே இடத்தில் ஒரே எண் வருடக்கணக்கில் எரிந்தால் அமோலெட்டில் தழும்பு விழும். மூன்று நிறங்களில் முதலில் களைப்பது நீலம். அதனால் நிலையான வளையமோ சின்னமோ உள்ள முகப்பு வேண்டாம். எண்களை அவ்வப்போது சில புள்ளிகள் தள்ளிவைக்கும் முகப்பு நல்லது. படுக்கும்போது Bedtime mode போட்டால் திரை அணைந்திருக்கும். இருட்டறையில் பச்சை கண்ணைக் குத்தும்.

இன்னொன்று: வண்டி ஓட்டும்போது கறுப்புக் கண்ணாடி போடுகிறவரா? அது போலரைஸ்டு வகையாக இருந்தால் சில கோணங்களில் திரை இருண்டே தெரியும், அதற்கு மணிக்கூடு பொறுப்பில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். உடனே தெரிந்தால், நிறத்தை மாற்றுமுன் கண்ணாடியை மாற்றுங்கள்.