கானர்ஸ் ஆர்எஸ்ஐ: மூன்றாவது உறுப்பின் வேலை

கேள்வி: கானர்ஸ் ஆர்எஸ்ஐ 10-க்குக் கீழே போனால் வாங்கலாம் என்கிறார்கள். தொடர்ந்து நான்கு நாள் இறங்கியும் என் பங்கில் அது 16-லேயே நிற்பது ஏன்?

```
CRSI = (RSI(Close,3) + RSI(Streak,2) + PercentRank(ROC(1),100)) / 3
```

லாரி கானர்ஸின் ஆய்வுக்குழு உருவாக்கிய இக்குறியீட்டில் முதல் உறுப்பு முடிவு விலையின் 3 நாள் ஆர்எஸ்ஐ. இரண்டாவது, தொடர் ஏற்ற இறக்க நாள்களின் எண்ணிக்கைக்குக் கணக்கிடும் 2 நாள் ஆர்எஸ்ஐ. நான்காவது இறக்க நாளில் அந்த எண்ணிக்கை -4 ஆகும், விலை மாறாத நாளில் 0 ஆகிவிடும். இவ்விரண்டும் உங்கள் பங்கில் மிகவும் தாழ்ந்திருக்கும் என்றே கருதுகிறேன். தடுப்பது மூன்றாவது உறுப்பு. இன்றைய சதவீத மாற்றத்தைவிடக் குறைவான மாற்றம் கடந்த 100 நாள்களில் எத்தனை நாள் நிகழ்ந்தது என்பதையே அது எண்ணுகிறது.

முதலிரண்டும் 8, 4 என்று வைத்துக்கொள்வோம். இன்று 0.3 சதவீதமே இறங்கி, அதைவிட மோசமான நாள்கள் 36 இருந்திருந்தால், (8+4+36)/3 = 16. அதே பங்கு இன்று 3 சதவீதம் சரிந்து, அதைவிட மோசமான நாள்கள் 3 மட்டுமே இருந்திருந்தால் மதிப்பு 5 ஆகும். மெல்லத் தேயும் விலையையும் திடீர்ச் சரிவையும் பிரித்துக் காட்டுவது இந்த உறுப்புதான். என் பார்வையில் இக்குறியீட்டின் உண்மையான பயனும் இதுவே.

ஆனால் அந்த 100 நாள்கள் கொந்தளிப்பானவையாக இருந்தால் 3 சதவீதச் சரிவுகூடச் சாதாரணமாகத் தெரியும் என்பதால், பங்குக்குப் பங்கு ஒரே 10 என்ற எல்லையை வைப்பது சரிவராது. நீண்ட வீழ்ச்சியில் 10-க்குக் கீழே பலமுறை சென்ற பிறகும் விலை மேலும் இறங்கக்கூடும்.