பத்தியாக எழுதிய மருந்துக் குறிப்பை வரிசைப்படுத்துவது

கேள்வி: “காலையில் பிபி குறைவு, மெட்டோபுரோலால் கொடுக்கலை. 8.20க்கு ஆஸ்பிரின் கொடுத்தாச்சு. ராத்திரி அட்டார்வாஸ்டாட்டின் வேண்டாம்னுட்டார்.” நர்ஸ் குறிப்பு இப்படி இருக்கு. நேர வரிசையா எப்படி மாத்துறது?

பதில்: ஒரு டோஸுக்கு ஒரு வரி. மருந்துச்சீட்டில் உள்ள நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். உண்மையில் கொடுத்த நேரத்தையும், கொடுக்காவிட்டால் அதற்கான காரணத்தையும் கடைசிக் கட்டத்தில் எழுதுங்கள்.

08:00 | ஆஸ்பிரின் 75 மி.கி. | கொடுத்தது | 08:20
08:00 | மெட்டோபுரோலால் 25 மி.கி. | நிறுத்திவைத்தது | பிபி 92/58
21:00 | அட்டார்வாஸ்டாட்டின் 20 மி.கி. | நோயாளி மறுத்தது | காரணம் எழுதவில்லை

குறிப்பில் இல்லாத அளவுகள் மருந்துச்சீட்டிலிருந்தும், 92/58 பிபி சார்ட்டிலிருந்தும் வந்தவை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறியுங்கள்.

பெரும்பாலும் குழம்புவது நிறுத்திவைத்ததும் மறுத்ததும்தான். முன்னது மருத்துவரோ நர்ஸோ எடுத்த முடிவு, அதனால் அளவீடும் யாரிடம் சொன்னார்கள் என்பதும் வேண்டும். பின்னது நோயாளியின் முடிவு. அவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். இரண்டையும் “கொடுக்கவில்லை” என்று போட்டால், அடுத்த ஷிப்டில் பிபி பார்க்காமலே மெட்டோபுரோலாலைக் கொடுத்துவிடக்கூடும்.

குறிப்பில் ஒரு டோஸ் பற்றி எதுவுமே இல்லையா? “கொடுத்தது” என்று ஊகிக்காமல் “பதிவு இல்லை” என்று போட்டு, எழுதியவரிடமே கேளுங்கள். பழைய பத்தியை அழிக்காதீர்கள்.