லண்டன் டப்பாவுக்கு வண்ணாரப்பேட்டை லேபிள்

"அக்கா, லண்டன் வந்து 4 மாசம் ஆச்சு. வீட்ல இட்லி பொடி போட்டு விக்கலாம்னு லேபிளுக்கு நம்ம ஊர் டிசைனர்கிட்ட சொன்னேன், அஞ்சு தடவ மாத்தியும் சரியா வரல. நீங்க எப்படி சொல்லி வாங்குறீங்க?"

நானும் இதுல பட்டவதாம்மா. நான் தண்டையார்பேட்டை, என் டிசைனர் தம்பி பழைய வண்ணாரப்பேட்டை, நல்ல கை. மொதல் தடவ "பச்சை கலர், நம்ம ஊர் ஃபீல் வரணும்"னு ஒரு வாய்ஸ் நோட், அவ்ளோதான் நான் குடுத்த பிரீஃப். வந்த டிராஃப்ட் அம்சமா இருந்துச்சு, ஆனா எம்ஆர்பி, சைவத்துக்கு பச்சைப் புள்ளி, எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பருக்கு இடம்னு அப்படியே தங்கசாலை கடையில வைக்கிற லேபிள். அவன் மேல தப்பில்ல, நான் சொல்லாம விட்டதையெல்லாம் அவனுக்குத் தெரிஞ்சத வெச்சு நிரப்பிட்டான்.

அதுக்கப்புறம் லேபிள்ல வர்ற ஒவ்வொரு வார்த்தையையும் நானே டைப் பண்ணி, எழுத்துப்பிழை பாத்து, ஃபைனல்னு சொல்லித்தான் அனுப்புறேன். இங்க யூகே சட்டத்துல 14 அலர்ஜி பொருள் இருக்கு, அது பொடியில இருந்தா பொருள் பட்டியல்ல தனியா தெரியணும், பெரும்பாலும் போல்டுல போடுவாங்க. எள்ளு அதுல ஒண்ணு. நான் கோட்டை விட்டது பெருங்காயத்துல, கூட்டுப் பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்திருக்கும், அந்த டப்பாவ திருப்பிப் படிச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது. கோதுமையும் அந்த 14ல இருக்கு. இதெல்லாம் டிசைனருக்கு எப்படித் தெரியும்? பிரீஃப்ல "இந்த ரெண்டும் போல்டு, சின்ன x எழுத்தோட உயரம் 1.2 மில்லிமீட்டருக்குக் கீழ போகக்கூடாது, இத மாத்தாத, மத்தது உன் இஷ்டம்"னு எழுதிட்டேன். மாத்தக்கூடாதது எதுன்னு தெரிஞ்சா மிச்சத்துல அவன் தைரியமா வெளையாடுவான்.

அளவு விஷயத்துல நூல டப்பா மேல சுத்தி அளந்தேன், 204 மில்லிமீட்டர். லேபிள் 190க்கு 60, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீடு, அதாவது வெட்டும்போது போறதுக்காக டிசைன கூடுதலா நீட்டி விடுற ஓரம், இத பிரிண்டர்கிட்ட கேட்டுட்டு எழுதினேன். "பெரிய சைஸ்"னு சொன்னா அவனுக்கு என்ன புரியும் சொல்லு.

கரெக்‌ஷன் சொல்றதுலயும் ஒண்ணு இருக்கு. "எழுத்த பெருசாக்கு"ன்னா ஆக்கிடுவான், பட்டியல் நசுங்கும், அடுத்த ரவுண்டு அதுக்கு. அதனால "ரெண்டடி தள்ளி நின்னா பேரு படிக்க முடியல"ன்னு பிரச்சினைய மட்டும் சொல்வேன், எப்படி சரி பண்றதுங்கறது அவன் வேலை. துண்டு துண்டா மெசேஜும் போட மாட்டேன், ஊருக்கும் நமக்கும் கோடையில நாலரை மணி நேரம், குளிர்ல அஞ்சரை மணி நேரம் வித்தியாசம், நீ சாயங்காலம் வேலை முடிஞ்சு அனுப்பும்போது அவன் தூங்கிட்டிருப்பான், ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு நாள் போயிடும். வீட்டுக்காரரு, மாமியாரு எல்லார் கருத்தும் கேட்டு முடிச்சுட்டு ஒரே தடவையா அனுப்பு.

இன்னொண்ணு, டிராஃப்ட ஃபோன்ல பாத்து பதில் சொல்லாத. 100 சதவீத சைஸ்ல பிரிண்ட் எடுத்து டப்பாவுல சுத்திப் பாரு, பொருள் பட்டியல் வளைவுக்குப் பின்னாடி போயிருக்கிறதெல்லாம் அப்பதான் தெரியும்.